எஃகை உடைத்த ஓரணுப் படலம்

1969 செப்டம்பர் 19. இங்கிலாந்தின் சோமர்செட் கடற்கரையோரம் இருந்த ஹிங்க்லி பாயின்ட் ஏ அணுமின் நிலையத்தில் ஒரு நீராவி டர்பைனுக்கு வழக்கமான சோதனை நடந்துகொண்டிருந்தது. நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் டர்பைனைக் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு ஏற்றி, வேகம் மிஞ்சினால் நிறுத்தும் பாதுகாப்பு விசை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். வேகம் 3200 சுற்றை நெருங்கியபோது உள்ளே இருந்த கனத்த எஃகுத் தட்டு ஒன்று வெடித்துச் சிதறியது. டர்பைன் உருக்குலைந்து போனது.

அந்த வேகம் எஃகுக்குப் பெரிய சுமையே இல்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தட்டைத் தண்டோடு பிணைக்கும் கீவே என்ற பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது. நீராவியின் ஈரமும் இழுவிசையும் சேர்ந்து அரித்து உண்டாக்கிய விரிசல் அது. ஆனால் அதன் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். நல்ல எஃகு அவ்வளவு சின்ன விரிசலைப் பல்லாண்டு தாங்கிக்கொள்ளும். இந்த எஃகு கண்ணாடிபோல உடைந்துவிட்டது. பட்டறையில் தட்டைப் பதப்படுத்திய பிறகு உலைக்குள்ளேயே மெதுவாகக் குளிரவிட்டிருந்தார்கள். அந்தக் குளிர்ச்சியில்தான் எஃகு நொறுங்கும் தன்மையை அடைந்தது என்று விசாரணை முடிவு செய்தது.

மெதுவாகக் குளிர்ந்தால் சில எஃகுகள் கெட்டுப்போகும் என்பது உலோகவியலாளர்களுக்குப் புதிய செய்தி அல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே பீரங்கிக்கான நிக்கல்-குரோமியம் எஃகில் இந்தக் கோளாறு தலைகாட்டியது. ஜெர்மானியர்கள் அதற்குக் ‘குருப் நோய்’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். நோயின் போக்கும் விசித்திரமானது. ஏறத்தாழ 375 முதல் 575 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எஃகு நீண்ட நேரம் இருந்தாலோ, அந்த இடைவெளியை மெதுவாகக் கடந்து குளிர்ந்தாலோ நொறுங்கும் தன்மை வரும். அதே துண்டை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீரில் வேகமாகக் குளிர்வித்தால் நோய் போய்விடும். மறுபடி 500 டிகிரியில் வைத்தால் திரும்பி வரும். கடினத்தன்மை மாறுவதில்லை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் நோயுற்ற எஃகுக்கும் நல்ல எஃகுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. வேதிப் பகுப்பாய்வு இரண்டுக்கும் ஒரே எண்களைத் தரும்.

உடைந்த பரப்பில் மட்டும் ஒரு துப்பு இருந்தது. எஃகு என்பது ஒரே வார்ப்பாகத் தோன்றினாலும் உண்மையில் நுண்ணிய படிக மணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பொருள். நல்ல எஃகு உடையும்போது இழுபட்டு நைந்து கிழியும். நோயுற்ற எஃகு, கருங்கல் சுவர் கல்லில் உடையாமல் சாந்தில் பிளப்பதுபோல, மணிகளுக்கு நடுவே இருக்கும் எல்லைகளில் பிளக்கும். அப்படியானால் கோளாறு எல்லையில்தான் இருக்க வேண்டும். 1959இல் ஸ்டீவனும் பாலாஜீவாவும் இன்னொரு துப்பைச் சேர்த்தார்கள். மிகத் தூய்மையான எஃகுக்கு இந்த நோய் வருவதில்லை. பாஸ்பரஸ், ஆன்டிமனி, தகரம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றைத் துளியளவு கலந்தால் வருகிறது. இந்த மாசுகள் மணி எல்லைகளில் போய்க் குவிகின்றன என்று எல்லோரும் ஊகித்தார்கள். கண்ணால் கண்டவர் யாரும் இல்லை.

காண முடியாததற்குக் காரணம் எளிது. குவியும் படலத்தின் தடிமன் ஓரணு அல்லது ஈரணு. ஒரு மில்லிமீட்டரை நாற்பது லட்சமாகக் கூறுபோட்டால் ஒரு கூறின் அளவு. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ்-கதிர்களை வைத்துத் தனிமங்களை அறியும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் அந்த எக்ஸ்-கதிர்கள் பரப்பிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் வரை உள்ள அணுக்களிலிருந்து வரும். அதாவது நாலாயிரம் அணு அடுக்குகளின் குரல் ஒன்றாகச் சேர்ந்து வரும். மேலே இருக்கும் ஓரடுக்கு பாஸ்பரஸ் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போகும். பரப்பின் மேல் சில அடுக்குகளை மட்டும் பார்க்கத் தெரிந்த கருவி ஒன்று வேண்டியிருந்தது. அதற்கான இயற்பியல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகங்களில் சும்மா கிடந்தது.

பெர்லினில் லைஸ் மைட்னர் 1922இல் கதிரியக்கப் பொருள்களிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்துகொண்டிருந்தார். அணுவின் ஆழத்தில் ஒரு காலியிடம் உண்டாகி நிரம்பும்போது இன்னொரு எலக்ட்ரான் வெளியேற வேண்டும் என்பதை அவர் தன் கட்டுரையில் எழுதினார். அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு. இது வழியில் கண்ட விஷயம். அடுத்த ஆண்டு பாரிஸில் பியர் ஓஜே என்ற இளைஞர் முற்றிலும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். மின்னேற்றம் பெற்ற துகள்கள் போகும் பாதையில் நீர்த்துளிகள் படிந்து கோடாகத் தெரியும் முகிலறை ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த வாயுவின் மீது எக்ஸ்-கதிர்களைப் பாய்ச்சினார். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பின. ஒன்று நீளம், ஒன்று குட்டை. எக்ஸ்-கதிரின் ஆற்றலைக் கூட்டியபோது நீளக்கோடு இன்னும் நீண்டது. குட்டைக்கோடு அப்படியே இருந்தது.

அந்த மாறாத குட்டைக்கோட்டில்தான் விஷயமே இருக்கிறது. நீளக்கோடு, எக்ஸ்-கதிர் நேரடியாக அடித்துத் தள்ளிய எலக்ட்ரான். அடியின் வேகம் கூடினால் அதன் வேகமும் கூடும். குட்டைக்கோட்டு எலக்ட்ரானுக்கு வெளியிலிருந்து வந்த அடியோடு சம்பந்தமில்லை. அதை வெளியே தள்ளியது அந்த அணுவே. எனவே அதன் ஆற்றல் அணு எந்தத் தனிமம் என்பதை மட்டும் பொறுத்தது. வரலாறு மைட்னரின் பெயரைத் தாண்டிச் சென்று இதற்கு ஓஜே விளைவு என்று பெயரிட்டுவிட்டது. முந்தியவருக்கு உரிய பங்கை இப்போது பலரும் சேர்த்தே சொல்கிறார்கள், அதுதான் நியாயம்.

இரும்பு அணுவையே எடுத்துக்கொண்டு இதைக் கணக்காகப் பார்க்கலாம். அணுவில் எலக்ட்ரான்கள் கருவுக்கு அருகில் கே, அடுத்து எல், அதற்கும் வெளியே எம் என்று கூடுகளில் இருக்கின்றன. எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு இறுக்கமான பிடி. இரும்பில் எல் கூட்டின் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 707 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. எம் கூட்டில் உள்ள ஒருவகை எலக்ட்ரானுக்கு 53 போதும். வெளியிலிருந்து பாய்ந்த எலக்ட்ரான் ஒன்று எல் கூட்டில் இருந்ததை அடித்துத் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு காலியிடம். எம் கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் அதற்குள் இறங்குகிறது. 707இல் 53 போக 654 மிச்சமாகிறது. இந்த மிச்சம் எங்காவது போயாக வேண்டும். எக்ஸ்-கதிராக வெளியேறலாம், அல்லது எம் கூட்டில் உள்ள இன்னொரு எலக்ட்ரானிடம் முழுவதும் போய்ச் சேரலாம். அப்படிப் பெற்ற எலக்ட்ரான், தன் கூட்டைவிட்டு வெளியேற 53ஐச் செலவழித்துவிட்டு, மீதி 601 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு அணுவைவிட்டுப் பறக்கும். இதுதான் ஓஜே எலக்ட்ரான்.

கருவியில் அளந்தால் அந்த முகடு 598 அருகில் இருக்கிறது. கணக்கு சற்றுத் தவறியதற்கு முக்கியக் காரணம், கடைசி எலக்ட்ரான் கிளம்பும்போது அணுவில் ஏற்கெனவே ஒரு காலியிடம் இருப்பது. மின்னேற்றம் சமநிலை இழந்த அணு, கிளம்பும் எலக்ட்ரானைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பிடிக்கிறது. இறங்கும் எலக்ட்ரானும் கிளம்பும் எலக்ட்ரானும் எம் கூட்டின் எந்த மட்டத்தைச் சேர்ந்தவை என்பதைப் பொறுத்து இரும்புக்கு 651இலும் 703இலும் மேலும் இரண்டு முகடுகள் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது இரும்புதான். பாஸ்பரஸுக்கு 120, கந்தகத்துக்கு 152, கரிக்கு 272, ஆக்சிஜனுக்கு 503க்கும் 510க்கும் இடையே, ஆன்டிமனிக்கு 454 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம்.

எக்ஸ்-கதிரா, ஓஜே எலக்ட்ரானா என்ற போட்டியில் யார் வெல்வது என்பதும் அணுவைப் பொறுத்ததே. இரும்பின் எல் கூட்டுக் காலியிடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஓஜே வழியில்தான் தீர்கின்றன. கே கூட்டுக் காலியிடமானால் லேசான தனிமங்களில் ஓஜே, கனமானவற்றில் எக்ஸ்-கதிர். ஜெர்மானியம் அருகே இரண்டும் சரிபாதி ஆகின்றன. எக்ஸ்-கதிர்க் கருவிகள் திணறும் கரி, ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்களை ஓஜே முறை சுலபமாகப் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

இனி ஆழத்தின் கதை. ஓஜே எலக்ட்ரான் எந்த ஆழத்திலும் பிறக்கலாம். பாய்ச்சும் கற்றை ஒரு மைக்ரோமீட்டர் உள்ளே போகிறது. அவ்வளவு தூரமும் காலியிடங்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஆனால் 120 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பிறந்த எலக்ட்ரான், திண்மப் பொருளுக்குள் சராசரியாக அரை நானோமீட்டர் நகர்வதற்குள் மற்ற எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடும். இரண்டு மூன்று அணு அடுக்கு தூரம், அவ்வளவுதான். இழந்த பிறகும் அது வெளியே வரலாம். ஆனால் அதன் ஆற்றல் இப்போது 120 அல்ல. அது பாஸ்பரஸிலிருந்து வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. அடையாளம் தெரியாத பின்னணிக் கூட்டத்தில் கலந்துவிடும். 120 என்ற முகட்டில் வந்து நிற்பவை, மேலடுக்குகளில் பிறந்து மோதாமல் தப்பியவை மட்டுமே. இரும்பின் 703 எலக்ட்ரான்கள் கொஞ்சம் வலுவானவை; அவையும் ஒன்றேகால் நானோமீட்டர் அளவுக்குத்தான் தாங்கும். எலக்ட்ரானால் தூரம் போக முடியாது என்ற குறைபாட்டால்தான் இந்த முறையால் பரப்பை மட்டும் தனியே பார்க்க முடிகிறது.

இது தெரிந்தும் கருவி வரத் தாமதமானது ஏன்? அந்தப் பின்னணிக் கூட்டம்தான் தடை. எலக்ட்ரான் கற்றை பட்ட பொருளிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களில் மிகப் பெரும்பாலானவை மோதி மோதி ஆற்றல் இழந்தவை. அவற்றை ஆற்றல்வாரியாக எண்ணி வரைந்தால் ஒரு பெரிய மேடு வருகிறது. ஓஜே முகடுகள் அந்த மேட்டின் சரிவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு புடைப்புகள். 1953இல் லேண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தப் புடைப்புகளைக் காட்டி, இதை வைத்துப் பரப்பில் உள்ள தனிமங்களை அறியலாம் என்று எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1968இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் லாரி ஹாரிஸ் அந்தப் புடைப்புகளைப் பெரிதாக்க ஓர் எளிய வழி கண்டார். மேட்டின் உயரத்தை அளக்காமல், அந்த உயரம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை, அதாவது சரிவை அளப்பது. மேடு மெதுவாக ஏறி இறங்குவது. அதன் சரிவு ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். புடைப்பு திடீரென்று ஏறி இறங்குவது. சரிவில் அது கூர்மையான ஒரு மேல்-கீழ் வெட்டாகத் தெரியும். இதற்குக் கணிப்பொறி தேவைப்படவில்லை. ஆற்றலைத் தெரிவு செய்யும் மின்னழுத்தத்தின் மேல் ஒரு சிறு மாறுமின்னோட்ட அசைவைச் சேர்த்து, அந்த அசைவோடு ஒத்து ஆடும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். அடுத்த ஆண்டே பால்ம்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் உருளை வடிவ ஆற்றல் பிரிப்பான் ஒன்றைப் பயன்படுத்தி, பல நிமிடம் எடுத்த அளவீட்டை நொடிகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

அதே 1969இல் மார்கஸ், பால்ம்பெர்க் இருவரும் ஒரு குழுவாகவும், ஸ்டைன், ஜோஷி, லஃபோர்ஸ் மூவரும் இன்னொரு குழுவாகவும் இந்தப் புதிய கருவியை நேராகக் குருப் நோயின் மீது திருப்பினார்கள். ஆன்டிமனி கலந்து நோயுறச் செய்த நிக்கல்-குரோமியம் எஃகின் உடைந்த பரப்பில் ஆன்டிமனி முகடு தெளிவாக எழுந்தது. எஃகின் உடலில் இருந்ததைவிட நூறு மடங்குக்கும் மேல். பரப்பைச் சில அணு அடுக்குகள் மட்டும் அரித்தெடுத்ததும் முகடு மறைந்தது. அரை நூற்றாண்டு ஊகம் அத்துடன் முடிவுக்கு வந்தது. ஹிங்க்லி பாயின்டில் தட்டு வெடித்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல்.

இந்தச் சோதனையைச் செய்யும் விதம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை.

எஃகிலிருந்து பென்சிலைவிட ஒல்லியாக, விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு கம்பியைக் கடைந்தெடுத்து, நடுவில் சுற்றிலும் ஒரு வெட்டு போடுகிறார்கள். அது கருவியின் வெற்றிட அறைக்குள் போகிறது. வெளியே உடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோவது பயனற்றது. காற்றுப் பட்ட கணத்தில் புதுப் பரப்பின் மேல் ஆக்சிஜனும் கரியும் படிந்துவிடும். பிறகு கருவி பார்ப்பது அந்த அழுக்கை மட்டுமே. சாதாரண வெற்றிடமும் போதாது. காற்றழுத்தத்தை ஒரு டாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், பரப்பை ஓரணு அடுக்கு மூடச் சுமார் ஒரு நொடிதான் ஆகும். அதையும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால்தான் பத்தாயிரம் நொடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த வெற்றிடம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏழரை லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை அடைவதற்காக முழுக் கருவியையும் நீண்ட நேரம் சூடாக்கி, சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை ஓட்டுகிறார்கள்.

கம்பியைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, உள்ளேயே இருக்கும் சிறு சுத்தியலால் ஒரே அடி. உடைந்த முகத்தை எலக்ட்ரான் கற்றையின் முன் திருப்பி, முதலில் நுண்ணோக்கியாகப் பார்க்கிறார்கள். நோயுற்ற எஃகானால் பட்டை தீட்டிய கற்களைக் கொட்டியதுபோல வழவழப்பான முகப்புகள் தெரியும். அவை மணி எல்லைகள். இடையிடையே வரிவரியாக ஆற்றுப்படுகைபோலக் கோடுகள் ஓடும் முகப்புகளும் இருக்கும். அங்கே விரிசல் மணியின் நடுவே புகுந்து போயிருக்கிறது. கற்றையை ஒரு வழவழப்பான முகப்பின் மேல் நிறுத்தி ஆற்றல் வரைகோடு எடுக்கிறார்கள். அடுத்து, வரிவரியான முகப்பு ஒன்றின் மேல் அதையே செய்கிறார்கள்.

இந்த இரண்டாவது அளவீடு இல்லாமல் முதலாவதை நம்பக்கூடாது. பாஸ்பரஸ் உண்மையாகவே எல்லையில் குவிந்திருந்தால் வழவழப்பான முகப்பில் 120 முகடு இருக்க வேண்டும், வரிவரியானதில் இருக்கக்கூடாது. இரண்டிலும் இருந்தால், வேறெங்கிருந்தோ வந்து படிந்திருக்கிறது என்று பொருள்.

அளவை எப்படிச் சொல்வது? எஃகில் எடையில் 0.02 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பாஸ்பரஸ் அணு இரும்பைவிட லேசானது என்பதால் அணு எண்ணிக்கையில் அது 0.036 சதவீதம் வரும். பத்தாயிரம் அணுக்களில் மூன்று நான்கு. வழவழப்பான முகப்பில் இரும்பின் 703 முகடு 100 அலகு உயரமும், பாஸ்பரஸின் 120 முகடு 40 அலகு உயரமும் இருக்கின்றன. ஒரே எண்ணிக்கை அணுக்களுக்குப் பாஸ்பரஸ் இரும்பைவிட இரு மடங்கு உயரமான முகடு தரும் என்று எளிமைக்காக எடுத்துக்கொண்டால், 40 என்பது உண்மையில் 20. மொத்தம் 120இல் 20, அதாவது ஏறத்தாழ 17 சதவீதம். உடலில் இருப்பதைவிட 460 மடங்கு அதிகம்.

அந்தப் பதினேழும்கூடக் குறைத்துச் சொன்ன எண். இந்தக் கணக்கு, பாஸ்பரஸும் இரும்பும் சீராகக் கலந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் பாஸ்பரஸ் மேலடுக்கில் மட்டும் இருக்கிறது. இரும்பின் முகடோ கீழே ஐந்தாறு அடுக்குகளிலிருந்தும் வருகிறது. கீழடுக்குகளின் பங்கைக் கழித்தால் மேலடுக்கில் பாஸ்பரஸின் விகிதம் இன்னும் கூடும். அத்தோடு, உடையும்போது எல்லையில் இருந்த பாஸ்பரஸில் பாதி ஒரு துண்டோடும் மறுபாதி எதிர்த்துண்டோடும் போய்விடுகிறது. எல்லையில் உண்மையில் இருந்தது என்ன என்று கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசிப் படி, ஆர்கான் அயனிகளைப் பாய்ச்சிப் பரப்பை அடுக்கடுக்காக அரித்துக்கொண்டே அளப்பது. ஓரிரு நானோமீட்டருக்குள் பாஸ்பரஸ் முகடு விழுந்துவிட்டால் அது படலம். விழாமல் நீடித்தால், பாஸ்பரஸ் நிறைந்த ஒரு சேர்மத் துணுக்கின் மேல் கற்றை நிற்கிறது.

தவறுகள் வரும் இடங்களும் உண்டு. குரோமியம் எஃகில் 489இலும் 529இலும் குரோமியத்தின் முகடுகள் நிற்கின்றன, இடையில் ஆக்சிஜன். கொஞ்சம் ஆக்சிஜன் படிந்திருக்கிறதா இல்லையா என்று அங்கே சொல்வது கடினம். குரோமியத்தின் இரு முகடுகளும் தங்களுக்குள் வழக்கமான விகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாலிப்டினம் கலந்த எஃகில் 120 அருகே மாலிப்டினத்துக்கே ஒரு சிறு முகடு உண்டு. அதைப் பாஸ்பரஸ் என்று எண்ணிவிடாமல் இருக்க, மாலிப்டினத்தின் பெரிய முகடுகள் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதற்குரிய பங்கைக் கழிக்கிறார்கள். நேரம் ஆக ஆகக் கரியின் 272 முகடு வளர்ந்துகொண்டே போனால், வெற்றிடம் கெட்டிருக்கிறது அல்லது கற்றையே பரப்பில் கரியைப் படியவைக்கிறது. மின்சாரம் கடத்தாத பொருளானால் பாய்ச்சிய எலக்ட்ரான்கள் தேங்கி, எல்லா முகடுகளும் இடம் பெயர்ந்துவிடும். எஃகில் அந்தத் தொல்லை இல்லை.

இவற்றைவிடச் சிக்கலான பிழை ஒன்று இருக்கிறது. கருவி பார்ப்பது உடைந்த எல்லைகளை மட்டுமே. விரிசல் பலவீனமான எல்லைகளைத் தேடிப் போகும் இயல்புடையது. ஆகவே அளக்கப்படுவது எஃகின் சராசரி எல்லை அல்ல, மிகவும் நோயுற்ற எல்லை. அந்த எல்லைகளுக்குள்ளேயேகூடப் பக்கத்துப் பக்கத்து முகப்புகளில் பாஸ்பரஸ் அளவு கணிசமாக மாறுபடும். இரு மணிகளும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. ஒரே முகப்பை அளந்துவிட்டு எஃகுக்குச் சான்றிதழ் எழுத முடியாது. பல முகப்புகளை அளந்து சராசரியும் பரவலும் சொல்வதுதான் ஒழுங்கான வழக்கம். நல்ல எஃகானால் இன்னும் சங்கடம்: குளிர்வித்து அடித்தாலும் அது எல்லையில் உடைய மறுக்கும். உடையாத எல்லையில் என்ன இருக்கிறது என்று இந்த முறையால் பார்க்கவே முடியாது.

நோய் ஏன் போய்ப் போய் வருகிறது என்பதும் இந்த அளவீடுகளால் பிடிபட்டது. இரும்பு மணிக்குள் பாஸ்பரஸ் அணு வசதியாகப் பொருந்துவதில்லை. அணுக்கள் ஒழுங்கு குலைந்து நிற்கும் எல்லையில் அதற்கு இடம் கிடைக்கிறது. வெப்பம் மிக அதிகமானால் குலுக்கலில் எல்லாம் கலந்துவிடும், எல்லை காலியாகும். வெப்பம் மிகக் குறைந்தால் பாஸ்பரஸ் எல்லைக்குப் போக விரும்பினாலும் நகர முடியாது. இரண்டுக்கும் நடுவே, நகரவும் முடிந்து தங்கவும் பிடிக்கும் வெப்ப இடைவெளிதான் அந்த 375 முதல் 575 டிகிரி. டொனால்ட் மக்லீன் 1957இலேயே இதற்கான கணிதத்தை எழுதிவைத்திருந்தார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சீயாவும் ஹாண்ட்ராஸும் 1970களின் தொடக்கத்தில் இரும்பில் தகரம் குவிவதை ஓஜே கருவியால் அளந்து, அந்தக் கணிதம் எங்கே பொருந்துகிறது என்று காட்டினார்கள்.

எஃகு வாங்குபவர்கள் எல்லோரும் ஓஜே கருவி வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்காக உலோகவியலாளர்கள் சுருக்கமான கணக்குகளை உருவாக்கினார்கள். பெட்ரோலிய ஆலைகளின் பெரிய கலன்களுக்கு இன்றும் புழங்குவது வதனபே வகுத்த ஜே எண். எஃகில் உள்ள சிலிக்கான், மாங்கனீஸ் சதவீதங்களைக் கூட்டி, பாஸ்பரஸ், தகரச் சதவீதங்களின் கூட்டலால் பெருக்கி, வருவதைப் பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும். சிலிக்கான் 0.25, மாங்கனீஸ் 0.50, பாஸ்பரஸ் 0.010, தகரம் 0.010 என்றால் 0.75ஐ 0.020ஆல் பெருக்கி, பத்தாயிரத்தால் பெருக்க 150. நூறுக்குக் கீழே கேட்கும் ஒப்பந்தத்தில் இந்த எஃகு திரும்பிப் போகும். சிலிக்கானும் மாங்கனீஸும் தாமே எல்லையை உடைப்பவை அல்ல. மாசுகள் செய்யும் கேட்டை அதிகமாக்குபவை என்பதால் கணக்கில் இடம்பெற்றன.

பழைய கலன்கள் இந்தக் கணக்குக்கு முந்தியவை. ஆண்டுக்கணக்கில் நோயுறும் வெப்பத்திலேயே வேலை செய்த அவற்றின் எஃகு, சூடாக இருக்கும்வரை தாங்கும். குளிர்ந்த நிலையில்தான் நொறுங்கும். ஆகவே ஆலையை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது, கலன் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தொடும்வரை முழு அழுத்தம் ஏற்றக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கலன்களில் பலவற்றுக்குள் உயர் அழுத்த ஹைட்ரஜன் ஓடுகிறது. அதுவும் எஃகுக்குள் புகுந்து மணி எல்லைகளைப் பலவீனப்படுத்தும். பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் எவ்வளவு கேடு என்பது பொறியாளர்களின் முக்கியமான கேள்வி. அதில் பாதிக்குத்தான் ஓஜே கருவி பதில் தரும். காலியிடம் ஒன்று, அதை நிரப்ப ஒன்று, வெளியேற ஒன்று என்று இந்த விளைவுக்கு மூன்று எலக்ட்ரான்கள் தேவை. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதைத் தேடுபவர்கள் பரப்பிலிருந்து பிய்த்தெடுத்த அயனிகளை எடைபோடும் கருவிகளிடமும், ஊசிமுனையிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாக உரித்தெடுத்து எண்ணும் கருவிகளிடமும் போகிறார்கள்.